மூன்று முறை மூடும் உதடு

மெத்தை விளம்பரம்தானே, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வாய்விட்டிருந்தாள் அண்ணி. வேற்று மொழி விளம்பரங்களுக்குத் தமிழ் வசனம் எழுதிப் பத்து வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவள். அந்த வாய்தான் இப்போது மாட்டிவிட்டது.

திரையில் ஒரு பெண் மெத்தையில் விழுந்து ஏதோ சொல்கிறாள். முகம் மட்டும் பெரிதாக, இரண்டரை விநாடி. உதடு மூன்று முறை மூடுகிறது, கடைசியில் வாய் அகலமாகத் திறந்தபடி நிற்கிறது. கம்பெனிக்காரர் கொடுத்த வரியோ, 'நிம்மதியான உறக்கம்!'

"அங்க அவ ஆன்னு திறக்கிறா, நீ ம்னு மூடிட்டு நிக்கிற. நீ என்னடி பண்ணுவ, வரி அப்படி" என்றாள் அண்ணி.

மைக் முன் நின்றவள் அவளுடைய நாத்தனார். இதுவரை கூட்டத்தில் கத்துகிற குரல்தான் கொடுத்திருக்கிறாள். ஒரு முகத்துக்குப் பேசுவது இதுதான் முதல் தடவை. மதியத்துக்குள் குரல் அந்த உதட்டசைவோடு பொருந்தி உட்காரவில்லை என்றால் வேறு குரலை வைத்துக்கொள்வதாகக் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். வீட்டில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்களே!

பதினேழு வரி எழுதிப் பார்த்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றில் உதடு மூடவே இல்லை. சவுண்ட்காரர் டீ குடிக்கப் போனார். நாத்தனார் சோபாவில் தொப்பென்று விழுந்தாள்.

"ஏய், எழுந்திரு. இன்னொண்ணு எழுதியிருக்கேன்."

"அப்பாடா! எழுப்பாதீங்கப்பா!"

அண்ணி அப்படியே நின்றாள். ஒரு 'ப்பா', இரண்டு 'ப்பா', மூன்று 'ப்பா'. கடைசியில் வாய் ஆவென்று திறந்திருக்கிறது.

"அடிப் பாவி! இன்னொரு தடவை சொல்லு!"

"எதை அண்ணி?"

"அதே அலுப்போட சொல்லு. மாத்தின, கொன்னுடுவேன்!"

ஓடிப் போய்ச் சவுண்ட்காரரை டீயோடு இழுத்து வந்தாள். பதிவானது. உதட்டுக்கு அரை இமைப்பொழுது பிந்தி விழுந்த குரலை அவர் இரண்டு பிரேம் முன்னால் நகர்த்தினார். பிறகு ஓட்டினார்கள். படத்துப் பெண் தமிழ்க்காரியே ஆகிவிட்டாள்!

கம்பெனிக்காரர் முகத்தைச் சுளித்தார். "உறக்கம்ங்கிற வார்த்தை எங்கம்மா?"

"அடுத்த காட்சியில மெத்தை மட்டும்தானே சார் இருக்கு? மெத்தைக்கு ஏது வாய்? அங்க பின்னணிக் குரல்ல தாராளமா சொல்லிக்கலாம்."

அவர் மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை வாய்விட்டுச் சிரித்தார். "இவங்க குரலே இருக்கட்டும். அடுத்த விளம்பரத்துக்கும் இவங்களையே கூட்டிட்டு வாங்க."

நாத்தனார் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மூக்கை அண்ணியின் தோளிலேயே துடைத்தாள். அண்ணிக்கும் கண் நிறைந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அதே தோளில் சாய்ந்து நாத்தனார் தூங்கிப்போனாள். அவர்கள் இறங்கும் இடம் வந்தது. அண்ணி அவளை எழுப்பவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, இருவரும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள்.