மடங்கி நின்ற மோதிர விரல்

தபீதாளுக்கு விடியல் என்றாலே பயம். கண் விழித்ததும் அவள் முதலில் பார்ப்பது வலது கையின் மோதிர விரலை. மற்ற விரல்களெல்லாம் சொன்னபடி கேட்கும். அது மட்டும் உள்ளங்கையோடு ஒட்டிக் குனிந்து கிடக்கும். இடது கையால் பிடித்து இழுத்தால், 'டொக்'கென்று ஒரு சத்தம். உயிரே போகிற வலி. பிறகு விரல் நீளும். வெந்நீரில் சிறிது நேரம் கையை வைத்திருந்தால் கொஞ்சம் இளகும். மறுநாள் விடிந்தால் பழைய கதைதான்.

கிழக்குத் தாம்பரத்துப் பள்ளியில் அவள் தையல் டீச்சர். நாளெல்லாம் பெரிய கத்தரிக்கோலைப் பிடித்த கை. "டீச்சர், உங்க விரல் சொடக்கு போடுது!" என்று பிள்ளைகள் சிரித்தால் அவளும் சிரித்துவைப்பாள்.

வயது முப்பத்தொன்பது. அப்பா போன பிறகு தம்பி அசரியாவைப் படிக்கவைத்து, அவனுக்கு ஒரு கல்யாணமும் செய்துவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் வருவதை நிறுத்தியிருந்தார்கள். கர்த்தர் மறந்துவிட்டார் என்று அவள் தீர்மானித்திருந்த நேரத்தில்தான் பல்லாவரத்திலிருந்து லாசரஸின் சம்பந்தம் வந்தது. ரயில்வே குமாஸ்தா. மனைவியை இழந்தவர். இரண்டு குழந்தைகள். பெண் பார்க்க வந்தவர் தலை குனிந்து, "பசங்களுக்கு ஒரு அம்மா வேணுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உள்ளம் அன்றே கழுத்தை நீட்டிவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்று வேதபுத்தகத்தை அவள் கையில் கொடுத்து ஜெபம் பண்ணினார்கள். பரவசமோ நடுக்கமோ, ஜெபம் முடியும்வரை அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். லாசரஸின் அக்கா மெட்டில்டா மோதிரத்தோடு எதிரே வந்தாள். புத்தகத்தைக் கீழே வைத்தாள் தபீதாள். விரல் நீளவில்லை.

"கையை நீட்டும்மா. என்ன வெக்கமா?" என்று சிரித்தாள் மெட்டில்டா.

கூடத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். தபீதாள் இடது கையால் விரலை இழுத்தாள். அந்த 'டொக்' கூடம் முழுக்கக் கேட்டது. கண்ணில் நீர் முட்டியது. மெட்டில்டாவின் சிரிப்பு அணைந்துபோயிற்று. மோதிரத்தை விரல் நுனியில் தொடாமல் தொட்டு மாட்டிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது அவள் அசரியாவைத் தனியே அழைத்தாள். "தம்பி, செங்கல்பட்டு ரயில்ல தகரக் குவளை நீட்டுறவங்க கையை நானும் பார்த்திருக்கேன். விரல் மடங்கினா அது எந்த வியாதின்னு எங்களுக்கும் தெரியும். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

அசரியா சொன்னதைக் கேட்ட தபீதாள் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டர் சுப்ரமணியனிடம் ஓடினாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை.

டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல்களைத் தொட்டார். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு உள்ளங்கையில், விரலின் அடிப்பக்கம் அழுத்தி, "மடக்கி நீட்டுங்க" என்றார். பட்டாணி போல ஒன்று அவர் கட்டைவிரலுக்கடியில் நகர்ந்தது.

"இது குஷ்டமே இல்லைம்மா. அதுல உணர்ச்சி மரத்துப்போகும். உங்களுக்கு எல்லாம் தெரியுது. விரலை இழுக்கிற தசைநார்க் கயிறு ஒரு உறைக்குள்ள ஓடுது. உறையோட வாய் தடிச்சுப் போச்சு, கயித்துலயும் முடிச்சு மாதிரி வீக்கம். அது வாய்ல சிக்கிக்குது. இழுத்தா டொக்குன்னு தாண்டுது. அவ்வளவுதான்."

"மணிக்கட்டுல உருண்டையா வருமே, அதுவா சார்? எங்க பெரியம்மாவுக்கு வந்தப்போ வேதபுத்தகத்தால ஒரே அடி அடிச்சாங்க."

"அது நீர்க்கட்டி, வேற. அதையும் அடிக்கக் கூடாது, தானாவே போனாலும் போகும்" என்று சிரித்தார் டாக்டர். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. உள்ளங்கையில் ஒரு ஊசி போட்டு, கத்தரிக்கோலைத் தொடக் கூடாது என்று அனுப்பினார்.

விரல் நீண்டது! சில வாரங்கள் அவள் விடியலுக்குப் பயப்படவில்லை. நீண்ட விரலைப் பார்த்து மெட்டில்டாவும் இறங்கி வர, கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லையென்றால் கல்யாணம். முதல் ஞாயிறு தன் பெயரைக் கேட்டபோது அவள் தேகமெல்லாம் சிலிர்த்தது. மறுநாள் காலை விரல் மீண்டும் பூட்டிக்கொண்டது.

"இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாம். அவசரமே இல்லை" என்றார் டாக்டர்.

"எனக்கு இருக்கு சார். கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் இந்த விரல் நீளணும். அறுத்துடுங்க."

புதன்கிழமை மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளங்கையில் சிறிதாகக் கீறி, தடித்த உறையின் வாயைப் பிளந்துவிட்டார். மேசையில் படுத்தபடியே விரலை மடக்கி நீட்டச் சொன்னார். தடையில்லாமல் ஓடியது. தபீதாள் அழுதுவிட்டாள். கையில் கட்டுப் போட்டு, "விரலை இன்னியிலிருந்தே அசைச்சுக்கிட்டே இருங்க" என்று அனுப்பினார்.

அந்தக் கட்டுதான் அவளைக் கெடுத்தது.

இரண்டாம் ஓலைக்கு மெட்டில்டா தாம்பரத்துக்கே வந்திருந்தாள். அன்று இராப்போஜன ஆராதனை. பீடத்தின் முன் முழங்காலிட்டவர்களில் தபீதாளுக்கு அடுத்த இடம் அவளுக்கு வாய்த்தது. தபீதாள் கட்டுப் போட்ட கையை மறைத்து, இடது கையில் அப்பத்தை வாங்கினாள். திராட்சரசப் பாத்திரம் வந்தது, எல்லாருக்கும் ஒரே பாத்திரம். அவள் உதடு வைத்து அருந்தினாள். போதகர் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்து அடுத்தவளிடம் நீட்டினார்.

மெட்டில்டா எழுந்து போய்விட்டாள்.

பாத்திரம் அந்தரத்தில் நின்றது. மெட்டில்டாவுக்கு அப்பால் மண்டியிட்டிருந்த இரண்டு பெண்களும் எழுந்தார்கள். ஐயோ, இத்தனை வருஷம் அதே பாத்திரத்தில் அவளோடு அருந்தியவர்கள்! தபீதாள் மட்டும் தலை நிமிராமல் இருந்தாள். நிமிர்ந்தால் எந்த முகத்தைப் பார்ப்பது?

தையல் பிரித்த சனிக்கிழமை அவள் லாசரஸை டாக்டரிடம் வரச் சொல்லியிருந்தாள். அவர் வந்தார். டாக்டர் தழும்பைக் காட்டினார், விரலை மடக்கி நீட்டச் சொன்னார், எல்லாவற்றையும் விளக்கினார். "அந்த வியாதியே இருந்தாலும் மாத்திரை இருக்குய்யா. ஒரு பாத்திரத்துல குடிச்சதால ஒட்டிக்காது. இவங்களுக்கு அது இல்லவே இல்லை."

லாசரஸ் கேட்டுக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் நின்றார்.

"நான் நம்புறேன் தபீதா. சத்தியமா நம்புறேன்."

"அப்போ?"

"அக்காதான் பசங்களைப் பார்த்துக்கறாங்க. நீ வந்தா தொட விடமாட்டேங்கறாங்க. கோவில்ல எல்லாரும் பார்த்துட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"நீங்க நம்புறதா அவங்ககிட்ட சொல்லலாமே."

அவர் ஸ்டேஷன் பக்கம் பார்த்தார். பல்லாவரம் ரயில் வரும் சத்தம் கேட்டது. அதற்காகவே காத்திருந்தவர் போல அவசரமாக நடந்தார்.

மறுநாள் மூன்றாம் ஞாயிறு. போதகர் அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் கூட்டம், காணிக்கை, ஞானஸ்நானம். பிறகு, அவள் பெயர் வராமலே தாளை மடித்தார். யாரும் தடை சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. பக்கத்தில் அசரியா விம்மியது அவளுக்குக் கேட்டது. அவள் பெஞ்சில் அவனைத் தவிர யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மோதிரத்தை அசரியாவிடம் கொடுத்தனுப்பினாள். எளிதாகவே கழன்றது. விரல்தான் இப்போது சொன்னபடி கேட்கிறதே.

திங்கட்கிழமை தையல் அறையில் முன் வரிசை காலியாக இருந்தது. அம்மா சொன்னாங்க என்று பிள்ளைகள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தபீதாள் துணியை மேசைமேல் விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்து, அதன் இரும்பு வளையத்துக்குள் அந்த விரலை நுழைத்தாள். வலிக்கவில்லை. நேராக, அழகாக உள்ளே போயிற்று.