ஐம்பத்தாறை எங்கே எழுதுவது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆசிரியர் வேலைக்கு அது ஆகாது என்று சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியர் சொன்னார். நான் கேட்கவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் எங்கள் பள்ளி. காலையில் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கும்போதே பாதிப் பொறுமை தீர்ந்திருக்கும். மிச்சம் இருந்ததைப் பிள்ளைகள் தீர்த்துவைப்பார்கள்.

அந்தப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் சின்னவள். அவளுடைய அப்பா அம்மா பிறத்தியார் கழனியில் நாற்று நட்டவர்கள். அவர்கள் தெருவிலேயே முதலில் பத்தாம் வகுப்பு தேறிய பெண் இவள். அப்படித் தேறியும் பதினோரு வருஷமாக அரிசி களைந்துகொண்டிருந்தாள். அரசாங்க இளநிலை உதவியாளர் தேர்வை மூன்று தடவை எழுதித் தோற்றிருந்தாள். அந்த வருஷத் தேர்வோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது.

"இத்த வுட்டா அவ்ளோதான் டீச்சர். அப்புறம் சாவுற வரைக்கும் இந்தப் புகைதான்" என்றாள். சொல்லும்போதே புகையில் அவள் கண் கலங்கியிருந்தது.

பொது அறிவும் தமிழும் அவளே படித்துக்கொண்டாள். கணக்குதான் உதைத்தது, அதிலும் பின்னம். நாலு பின்னத்தைக் கொடுத்து எது பெரியது என்று கேட்டால், ஒவ்வொன்றையும் வகுத்துப் புள்ளி வைத்து மூன்று இலக்கம் வரை கொண்டுபோவாள். விடை சரியாக வரும். ஆனால் அதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும். தேர்விலோ ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

"இப்படி வகுத்துக்கிட்டே இருந்தா அடுத்த பக்கம் திருப்புறதுக்குள்ள மணி அடிச்சிடும்" என்று கடிந்துகொண்டு, கூடத்துச் சுவரில் சாக்பீஸால் குறுக்குப் பெருக்கலைப் போட்டுக் காட்டினேன். 5/8, 7/11. இந்தப் பக்கத்துக் கீழ் எண் பதினொன்றிலிருந்து எதிர்ப் பக்கத்து மேல் எண் ஐந்துக்கு ஓர் அம்பு. பெருக்கினால் ஐம்பத்தைந்து, அதை 5/8இன் தலைமேல் எழுது. எட்டிலிருந்து ஏழுக்கு இன்னோர் அம்பு. ஐம்பத்தாறு, அதை 7/11இன் தலைமேல் எழுது. எந்தத் தலையில் பெரிய எண்ணோ அந்தப் பின்னம் பெரியது. ஜெயித்ததை வைத்துக்கொண்டு அடுத்ததோடு மோதவிடு. வகுத்தலும் இல்லை, புள்ளியும் இல்லை.

அவளுக்கு நம்ப முடியவில்லை. "இவ்ளோதானா? இத்த எவனும் சொல்லலயே" என்று சிரித்தாள். ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே விடையை மட்டும் பார்த்து டிக் அடிப்பேன்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நான் வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒரே ஒரு டவுட்டு. அம்பு கீழேந்து மேல போவுமா, மேலேந்து கீழ வருமா?"

"எப்படிப் போட்டா என்ன? அஞ்சு பதினொண்ணும் ஐம்பத்தஞ்சு, பதினொண்ணு அஞ்சும் ஐம்பத்தஞ்சு. போ, வேலை கிடக்கு" என்று எரிந்து விழுந்தேன்.

பெருக்கலைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. அவள் கேட்டது பெருக்கலை அல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெருக்கி வந்ததை எங்கே எழுதுவது என்று கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் எனக்கு அறைக் கண்காணிப்பு. கேள்வித்தாள் கட்டோடு உள்ளே போனால் மூன்றாவது பெஞ்சில் அவள். கஞ்சி போட்ட புடவை, தலையில் பூ. என்னைப் பார்த்ததும் சாமியைப் பார்த்ததுபோல் முகம் மலர்ந்தது. நியாயப்படி அப்போதே போய், தெரிந்தவள் இருக்கிறாள், வேறு அறை கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தெரிந்தவள்தானே, சொந்தமா என்று விட்டுவிட்டேன். அவள் பக்கமே அதிகம் போவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஆனால் விடைத்தாளில் கையெழுத்துப் போட எல்லோரிடமும் போயாக வேண்டும். அவளிடம் குனிந்தபோது கேள்வித்தாள் ஓரத்தில் அவள் போட்டிருந்த கணக்கு கண்ணில் பட்டது. 5/8, 7/11, 9/14, 12/19. இவற்றில் மிகப் பெரியது எது?

அம்புகள் மேலேயிருந்து கீழே இறங்கியிருந்தன. ஐந்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கி, ஐம்பத்தைந்து பதினொன்றின் காலடியில். ஏழிலிருந்து எட்டுக்கு இறங்கி, ஐம்பத்தாறு எட்டின் காலடியில். 7/11க்குப் போக வேண்டிய ஐம்பத்தாறு 5/8இன் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதனால் 5/8 ஜெயித்தது. அடுத்து 9/14ஓடு மோதல்: ஒன்பது எட்டு எழுபத்திரண்டு எட்டின் கீழே, ஐந்து பதினான்கு எழுபது பதினான்கின் கீழே. மறுபடியும் 5/8. பிறகு 12/19: தொண்ணூற்றாறு எட்டின் கீழே, தொண்ணூற்றைந்து பத்தொன்பதின் கீழே. மூன்றிலும் 5/8. ஒரு பெருக்கல்கூடத் தப்பில்லை. அத்தனை அழகாகப் போட்டு, நாலில் மிகச் சின்னதைப் பெரியது என்று வட்டம் கட்டியிருந்தாள். சரியான விடை 9/14.

விடைத்தாளில் அதற்குரிய வட்டத்தை அவள் இன்னும் ஷேட் பண்ணவில்லை. பேனா கேள்வித்தாளுக்கும் விடைத்தாளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. பேனாவால் நிரப்பிவிட்டால் அழிக்க முடியாது. விரலை எழுபத்திரண்டின் மேல் ஒரு நொடி வைத்தால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். பறக்கும் படை ஆட்கள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் பின்னால் ஒரு கைக்குழந்தைக்காரி, தாய்ப்பால் கசிந்த ரவிக்கையோடு, அதே கேள்வியில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். இவளுக்கு நான் சொன்னால் அவளுக்கு யார் சொல்வது? இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி நேர்மை, பாதி வேலை போய்விடும் என்ற பயம்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு சிரமப்பட்டு நான் எரிச்சலை அடக்கியது அன்றைக்குத்தான். அந்த எரிச்சல் அவள்மேல்கூட இல்லை, வெள்ளிக்கிழமை பேசிய என் வாய்மேல். கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன். வரிசை முடிந்து திரும்பி வரும்போது விடைத்தாளில் அந்த வட்டம் கறுப்பாகியிருந்தது. அவள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள்.

மிச்ச நேரம் முழுக்க ஜன்னலோரம் நின்றேன். ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு இரண்டு தரம் அழைக்க வேண்டியிருந்தது.

எல்லாத் தாளையும் எண்ணிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எனக்காகவே காத்திருந்தாள். கையில் இரண்டு எலுமிச்சை சர்பத், எனக்கும் சேர்த்து வாங்கியிருந்தாள்.

"இந்த வாட்டி கெடச்சிடும் டீச்சர். கணக்குல ஒண்ணுகூட வுடல."

நான் சர்பத்தை வாங்கிக்கொண்டேன்.

"அந்தப் பின்னம் கணக்குதான் பேஜாராப் பூட்ச்சி. அம்பு எப்டின்னு திடீர்னு கொழம்பிகினேன். வுட்டுட்டுப் பழையபடி வகுத்தே பாத்துடலாமான்னு கீழ ஓரத்துல ஒம்பதப் பதினாலால வகுக்கக்கூட ஆரம்பிச்சேன். அப்பத்தான் நீங்க வந்தீங்க."

"ம்."

"தப்பாப் போட்டா ஒங்க மூஞ்சி சிடுசிடுன்னு ஆவும்ல? எனக்குத் தெரியாதா? ஒரு மாசமா பாத்துகினுதான கீறேன். நீங்க பாத்தீங்க, மூஞ்சில ஒண்ணுமே இல்ல, அப்டியே போய்ட்டீங்க. சரின்னு வகுக்குறத வுட்டுட்டு தெகிரியமா ஷேட் பண்ணிட்டேன்."