தொட்டியில் வெளுத்த நீலம்

பெரியநாயக்கன்பாளையத்தில் செம்பு சுத்திகரிக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் நான் கெமிஸ்ட். எரிந்துபோன மோட்டார்களின் செம்புச் சுருள் கம்பியை உருக்கித் தடித்த தகடாக வார்ப்போம். அதையும் மெல்லிய சுத்தச் செம்புத் தகட்டையும், அமிலம் கலந்த நீலநிற மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் நிரம்பிய தொட்டியில் எதிரெதிரே தொங்கவிட்டுக் கரண்ட் கொடுப்போம். அழுக்குத் தகடு கரையும். சுத்தத் தகட்டில் செம்பு படியும்.

தொட்டிகளைக் கவனித்துக்கொண்ட வயதான தொழிலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; அதிகம் பேசமாட்டார். என் மகளுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர்.

ஒரு மழைக்காலத்தில் தொட்டி விளிம்பில் நீலப் படிகங்கள் பூக்க ஆரம்பித்தன. கரைசலில் கொஞ்சம் எடுத்து டைட்ரேஷன் முறையில் செம்பை அளந்து, பழைய கணக்கோடு ஒப்பிட்டேன். செம்பின் அளவு ஏறிக்கொண்டே போயிருந்தது. யாராவது போடாமல் அப்படி ஏறாது.

"அண்ணா, தொட்டியில மயில்துத்தம் போட்டீங்களா?"

"நாந்தானுங்க அம்மணி. தண்ணி நாளுக்கு நாள் வெளுத்துப்போகுதுங்க. செம்பெல்லாம் தகட்டுல ஏறுனா தண்ணியில தீந்துதானுங்க போவும்?"

"தீராதுங்கண்ணா. இந்தப் பக்கம் தகட்டுல எவ்வளவு செம்பு படியுதோ, கிட்டத்தட்ட அவ்வளவும் அந்தப் பக்கத் தகட்டுலிருந்து கரைஞ்சு வந்துருது. கம்பியோட வந்த துத்தநாகம், இரும்புன்னு செம்புக்குப் பதிலா கொஞ்சம் கரையும். அதனால மெதுவா, துளி குறையும். கண்ணுக்குத் தெரியற மாதிரி வெளுக்காதுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்பறம் எனக்கு எதுக்குங்க வெளுப்பாத் தெரியுது?"

புதிதாகக் கலந்த கரைசலை ஒரு பாட்டிலில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். என் கண்ணுக்குப் பளீரென்ற நீலம். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் மங்கலாத்தானுங்க இருக்குது. பாசி புடிச்ச தண்ணியாட்ட."

அதற்குமேல் நான் வேதியியல் பேசவில்லை. ஓட்டுகிற வண்டியை ஏன் சில மாதமாக வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறார் என்று கேட்டேன். எதிரே வரும் விளக்கு கூசுகிறது என்றார். வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்களாம், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நானே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. அவர் திரும்பி வரும்வரை வேலை அவருக்குத்தான் என்று முதலாளியிடம் பேசி உறுதி வாங்கினேன். மிஞ்சிய செம்பைக் குறைக்க, கரைசலில் கொஞ்சம் வெளியே எடுத்து, அமிலமும் தண்ணீரும் சேர்த்துச் சரிசெய்தேன்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, டாக்டர் அனுமதித்த பிறகு கறுப்புக் கண்ணாடியோடு பட்டறைக்கு வந்தார். தொட்டி அருகில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். திரும்பவும் அதையே செய்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒரே தொட்டி ரெண்டு நெறமா இருக்குதுங்க," என்று சிரித்தார். "அந்தக் கண்ணையும் வெரசாப் பண்ணிப்போடச் சொல்லுங்க."