புலிப் பக்கம் மட்டும்

1. கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக, ஆடுபுலி ஆட்டம் ஆடும் நிரல் ஒன்றை எழுத நானும் என் தோழியும் சேர்ந்தோம்.
2. பலகையின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் பகுதியை அவள் எழுதினாள்.
3. மதிப்பெண்ணே தேவையில்லை என்று நான் வேறு வழியில் ஒன்று எழுதினேன்.
4. இரண்டையும் மோதவிட்டேன். இருபது ஆட்டங்களில் பதினேழை என்னுடையது வென்றது.
5. அவள் எழுதியது அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது.
6. இருபது ஆட்டங்களிலும் என் நிரல்தான் புலி.

ஆறாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் அப்பா காரைக்காலில் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும்போது, துறைமுகத்துச் சிமெண்ட் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு ஆடுவார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஓர் ஆட்டைத் தாண்டிக் காலி இடத்தில் குதித்தால் அந்த ஆடு போச்சு. மூன்று புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. ப்ராஜெக்டுக்கு முந்தைய தடைக்காலம் முழுவதும் அவள் அங்கே உட்கார்ந்து நோட்டில் குறித்தாள். வெட்டுப்பட்ட ஆட்டுக்கு இத்தனை, அடைபட்ட புலிக்கு இத்தனை, பின்னால் காலியிடம் விட்டு நிற்கும் ஆட்டுக்கு இத்தனை கழிவு. அந்த எண்களை வைத்து அவள் நிரல் மூன்று நகர்வு தூரம் பார்த்து முடிவு செய்யும்.

ஒருநாள் நானும் போயிருந்தேன். புலியாக ஆடி ஜெயித்த ஒருவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். அவள் அப்பா வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"எங்க மாமா ஓடுறீங்க? ஆடாவும் ஆடிக் காட்டுங்க. புலியா ஜெயிச்சா பாதி ஜெயிப்புதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆகவே இரு பக்கமும் ஆடிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

என் நிரலுக்கு ஆட்டத்தின் விதிகள் மட்டுமே தெரியும். இப்போதைய நிலையிலிருந்து நகர்வுகளை மரமாக வளர்க்கும். இதுவரை நன்றாக வென்ற கிளையையும், அதிகம் பார்க்காத கிளையையும் கலந்து தேர்ந்து கீழே இறங்கும். நுனியில் ஒரு புது நகர்வைச் சேர்த்து, அங்கிருந்து இரு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு ஆடியதுபோல் ஆட்டத்தை முடிக்கும். யார் வென்றது என்பதை வந்த வழியெல்லாம் பதிந்துகொண்டே மேலேறும். சில நொடிகளில் ஆயிரக்கணக்கான முறை இப்படிச் செய்துவிட்டு, அதிகம் போய்வந்த நகர்வை ஆடும்.

புலியாக அது அருமையாக ஆடியது. ஆடாக மோசம். கண்ணை மூடி ஆடும் ஆடுகள் சேர்ந்து நிற்பதில்லை. எங்கே தொடங்கினாலும் கடைசியில் புலிக்கே இரையாகும். எல்லா நகர்வும் தோல்வியாகவே தெரிந்தால், நல்லது எது, கெட்டது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கத்தை ஓட்டவே இல்லை.

கேன்டீனில் முடிவைக் காட்டியபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ஆடு பக்கம் ஓட்டுனியாடி?"

"ஓட்டுனேன். அதுலயும் அப்படித்தான்."

"அப்ப எங்கப்பா மூளைய விட உன் குருட்டுப் புலி பெருசுங்கற."

"நான் சொல்லல. மெஷின் சொல்லுது."

அவள் டீயை முடித்துவிட்டு, சரி எடுத்துடு என்றாள். அந்த அத்தியாயத்தை நானே நீக்கினேன். பன்னிரண்டு பக்கம்.

வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த பேராசிரியை என்னைக் கால் மணி நேரம் கேட்டார். பிறகு அவளைப் பார்த்து, "நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்றார்.

"பலகைப் படம் வரைஞ்சேன் மேடம்."

"படம் மட்டுமா?"

"ஆமா மேடம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்க நேரம் இருந்தது. ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மதிப்பெண்ணுக்கும் அவள் மதிப்பெண்ணுக்கும் ஒரு கிரேடு வித்தியாசம் வந்தது. வேலைக்கான நேர்முகத்தில் நான் அந்த ப்ராஜெக்டைப் பற்றித்தான் பேசினேன். அவளுக்கு அங்கே பேச ஒன்றும் இல்லை.

போன மாதம் பழைய லேப்டாப்பில் அவள் நிரல் அப்படியே கிடந்தது. பக்கம் மாற்றி இருபது ஆட்டம் ஓட்டினேன். அவளுடையது புலி, என்னுடையது ஆடு. பதினெட்டில் அவளுடையது வென்றது. என்னுடையது மேல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டு அட்டவணைகளையும் அவளுக்கு அனுப்பி, பொய் சொன்னேன் என்று எழுதினேன்.

மதியம் பதில் வந்தது. "அன்னைக்கே தெரியும்டி. ஆடு பக்கம் ஓட்டியிருந்தா எத்தன ஆட்டம் ஜெயிச்சதுன்னு சொல்லியிருப்ப. கைடு மேடம்கிட்ட சொன்னியா?"

இன்னும் இல்லை. அறிக்கை துறை நூலகத்தில் இருக்கிறது. அதில் பதினேழு என்றிருக்கிறது. எந்தப் பக்கம் என்றில்லை. எங்கள் வழிகாட்டி மேடத்துக்கு எழுதிய கடிதம் என் டிராஃப்டில் இருக்கிறது. அனுப்பவில்லை.