மூன்று மாதத்தில் பத்து கிலோ

அந்த ஜிம்மில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக யார் வந்தாலும் சுவரில் மாட்டிய தன் படத்தைக் காட்டி, "மூணே மாசம், பத்து கிலோ சதை. நான் கேரண்டி" என்பார். அப்படிச் சொன்னால்தான் ஆள் சேரும். ஒருநாளும் அவருக்கு வாய் கூசியதில்லை.

அன்று எடை மெஷினிலிருந்து இறங்கிய மருந்துக்கடைக்காரரின் முகம் தொங்கிப்போயிருந்தது. மூன்று மாதமாக ஒழுங்காக வந்தவர். ஏறியது மூன்று கிலோ.

"மன்னிச்சிருங்க மாஸ்டர். நீங்க நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க. என் உடம்புலதான் எதுவும் ஒட்டமாட்டேங்குது. சட்டை டைட்டாயிடுச்சுன்னு பொண்டாட்டி சொன்னா, நான்தான் நம்பல. நாளையிலேருந்து வரல."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"தப்பு உங்க உடம்புல இல்லைங்க, என் வாயில. இந்த மூணு கிலோவே ரொம்ப நல்லா வந்திருக்கு, அதுலயும் எல்லாமே சதை கிடையாது. நல்லா சாப்பிட்டு, தூங்கி, வெயிட் தூக்கினா முதல் வருஷம் மாசத்துக்கு அரைக் கிலோ சதை, மிஞ்சிப்போனா ஒரு கிலோ. ரெண்டாவது வருஷம் அதுல பாதி. அப்புறம் இன்னும் குறையும்."

கடைக்காரர் சுவரைப் பார்த்தார். "அப்போ அந்தப் படம்?"

"ஒன்பது வருஷம்."

"என்னை மாதிரி எத்தனை பேரு நின்னுட்டாங்க மாஸ்டர்?"

மாஸ்டர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அவர்களில் ஒருவர்கூட அவரைத் திட்டிவிட்டுப் போகவில்லை. எல்லோரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள்.