வெசாக் நாளில் வந்த லாபம்

சுகந்தினி புளத்கொகுபிட்டிய பஸாரில் தையல்கடை வைத்திருக்கிறாள். எந்தத் துணியையும் மறுபக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் விலை கேட்பாள்.

அன்று கணவன் நிரோஷன் கைபேசியை நீட்டினான். கொழும்புப் பங்குச்சந்தையில் எதை எப்போது வாங்குவது என்று காசுக்குச் சிக்னல் சொல்லும் ஒருவர், தன் பழைய லாபங்களைப் படமாக அனுப்பியிருந்தார்.

"ஆடிட் பண்ணினது. சீல்கூட இருக்கு பாரு."

அவள் தேதியைப் பார்த்தாள். "வெசாக் போயா, பௌர்ணமி லீவு அன்னைக்கு வாங்கி வித்திருக்காரே. அன்னைக்குச் சந்தையே மூடியிருக்கும். நாமளும் கடைய மூடிட்டுத் தன்சல்ல சும்மா கொடுக்கிற சோத்துக்கு வரிசைல நின்னோமே."

"தேதி தப்பா விழுந்திருக்கும்."

"சீல் யாரும் ஒட்டலாங்க. தரகர் கம்பெனி நேரா அனுப்புற கணக்கக் கேளுங்க. ஆடிட்டர் பேரையும் கேளுங்க, நம்பர நாமளே தேடிப் பேசுவோம்."

நிரோஷன் அப்படியே எழுதிக் கேட்டான். 'நம்பாதவர்களுக்கு இடமில்லை' என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன.

காலையில் கடையில் இருந்த தன் தாயைச் சுகந்தினி கண்களால் தேடினாள். "அம்மா எங்கங்க?"

"பேங்குக்கு, அந்தச் சிக்னல்காரருக்குக் காசு போட. அவரு கணக்கு நம்பர நாந்தான் எழுதிக் கொடுத்தேன்."

ரப்பர் தோட்டத்தில் உழைத்த அம்மாவின் மொத்த ஈ.பி.எஃப். சேமிப்புப் பணமும் அந்த பேங்கில்தான் இருந்தது. அம்மாவின் கைபேசிக்கு அழைத்தாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கவில்லை. சுகந்தினி கடையைத் திறந்தபடியே விட்டு ஓடினாள்.

பேங்கில் அம்மா இன்னும் நிரப்பாத படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி இப்படி ஓடியாற? சிங்களத்துல நிரப்ப ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

சுகந்தினி படிவத்தைப் பிடுங்கி மடித்தாள்.