மூக்கால் சொன்னால் விஷம்

எழுத்தில்லாத மொழியொன்றுக்கு எழுத்து வகுக்கப் பன்னிரண்டு வருடம் அலைந்த ஆய்வாளருக்கு, அதன் அரிச்சுவடியின் அச்சுப்படியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பகரத்துக்கு இரண்டு எழுத்து கொடுத்து, மூக்கால் ஒலிக்கும் உயிரின் எழுத்தை நீக்கியிருந்தார்.

“சார், ‘பம்பரம்’ல ரெண்டு ப-வும் வேற மாதிரி கேட்குது. நாம ரெண்டு எழுத்தா வச்சிருக்கோம்? இவங்களுக்கும் அப்படித்தான். ஒண்ணு வர்ற இடத்துல இன்னொண்ணு வராது. ஆனா ‘கா’ன்னா கிணறு. அதையே மூக்கால சொன்னா விஷம்.”

“சொன்னவருக்குச் சளியா இருந்திருக்கும்மா.”

“முப்பது பேருக்குமா சார்?”

“என் காதுக்கு ஒண்ணுதான்.”

“உங்க காதா அங்க தண்ணி குடிக்கப்போகுது?”

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினாள். அவள் கையெழுத்தில்லாமல் அச்சகம் ஒரு தாளையும் தொடாது.